டர்பனில் டெலிவரி லாரி வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்: லைசென்ஸ், ஷிப்ட், பாதுகாப்புப் பதிவைச் சரிபார்க்கும் வழி

டர்பனைச் சுற்றி டெலிவரி டெப்போக்களுக்குக் குறைவில்லை. ரிவர்ஹோர்ஸ் வேலி, மொபேனி, ப்ராஸ்பெக்டன், கேட்டோ ரிட்ஜ் என்று நீண்டுகொண்டே போகும். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பலருக்கு வீட்டிலிருந்து கிட்டத்தில் கிடைக்கும் நல்ல வேலை அதுதான். ஆனால் விண்ணப்பம் போட்டால் பதிலே வராது. ஏன் தள்ளினார்கள் என்றும் யாரும் சொல்வதில்லை. நானும் அப்படி மாதக்கணக்கில் அலைந்தேன். பிறகு ஒரு டெப்போவில் ஆள் எடுக்கும் அம்மா ஒருவர், வந்த விண்ணப்பங்களை எப்படிப் பிரிக்கிறார் என்று பொறுமையாகக் காட்டினார்.

அவர் முதலில் சிவியைப் படிப்பதே இல்லை. லைசென்ஸ் அட்டையின் நகலை எடுத்து விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். அடுத்து பழைய வேலைகளின் தேதிகள். அதன் பிறகு விபத்துப் பதிவு. இந்த மூன்றிலும் தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு பார்ப்பதில்லை. கீழே உள்ள படிகளை அவர் பார்க்கும் அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். லாரி ஓட்டுநர் வேலையைத்தான் விரிவாக எடுத்துக்கொண்டேன். கிடங்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பகுதி உண்டு.

1. விளம்பரத்தில் சொல்லும் டன் எந்த டன் என்று பாருங்கள்

"8 டன் டிரைவர் தேவை, கோட் 10 அல்லது 14" என்று விளம்பரத்தில் இருக்கும். இந்த 8 டன் என்பது லாரி ஏற்றும் சரக்கின் எடை. லைசென்ஸ் சட்டம் பார்ப்பது அதையல்ல. வண்டியின் சொந்த எடை, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற ஜிவிஎம் எடையைத்தான் பார்க்கும்.

சரக்கு வண்டிக்குக் கணக்கு இதுதான். ஜிவிஎம் 3,500 கிலோ வரை என்றால் பி, அதாவது பழைய கோட் 8 போதும். 3,500-க்கு மேல் 16,000 கிலோ வரை சி1, நாம் எல்லோரும் கோட் 10 என்று சொல்வது. 16,000-க்கு மேல் சி. பின்னால் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லர் இருந்தால் இபி, இசி1, இசி என்று வரும். இசிதான் கோட் 14. பெரும்பாலான 8 டன் லாரிகளின் ஜிவிஎம் 15,000 கிலோவை ஒட்டி இருக்கும். அதனால் அவற்றுக்கு கோட் 10 போதும். கோட் 14 இருந்தால் அதே வண்டியை ஓட்டலாம், தடையில்லை. ஆனால் விளம்பரத்தில் "ட்ரெய்லருடன்" என்று ஒரு வார்த்தை இருந்தால், வெறும் சி1 வைத்திருப்பவர் விண்ணப்பிக்க வேண்டாம்.

சின்ன வண்டிகளில்தான் ஏமாறுவது அதிகம். பார்சல் கம்பெனிகள் ஓட்டும் பெரிய வேன்களில் இரண்டு வகை உண்டு. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் ஜிவிஎம் சரியாக 3,500 கிலோ, இன்னொன்று 5,000 கிலோ. முதல் வண்டிக்கு கோட் 8 போதும். இரண்டாவதுக்கு கோட் 10 வேண்டும், அடுத்த படியில் சொல்லும் பிடிபியும் வேண்டும். "வேன் டிரைவர்தானே" என்று கோட் 8-ஐ வைத்து விண்ணப்பித்தால் அங்கேயே நின்றுபோகும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டமான லைசென்ஸ் டிஸ்க்கில் வண்டியின் வெற்று எடையும் ஜிவிஎம்மும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். அந்தக் கம்பெனி வண்டி எங்காவது நின்றுகொண்டிருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் விளம்பரத்தில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு, "வண்டியின் ஜிவிஎம் எவ்வளவு?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று அவர்களுக்கும் புரியும்.

2. உங்கள் லைசென்ஸ் அட்டையை வரி வரியாகப் படியுங்கள்

அட்டையைப் பர்ஸில் வைத்திருப்போம், படித்திருக்க மாட்டோம். விளம்பரத்தோடு பொருத்த வேண்டிய விஷயங்கள் அதில் நான்கு இருக்கின்றன.

முதலாவது கோட். பழைய நம்பரில் 10 என்று விளம்பரம் சொல்லும், அட்டையில் சி1 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். சிவியில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: "கோட் 10 (சி1)".

இரண்டாவது, அந்தக் கோட் முதலில் கிடைத்த தேதி. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித் தேதி அச்சாகியிருக்கும். கோட் 8 2014-லும் கோட் 10 2021-லும் எடுத்திருந்தால், "பத்து வருட டிரைவர்" என்று நீங்கள் சொல்வதை அவர்கள் 2021-லிருந்துதான் எண்ணுவார்கள்.

மூன்றாவது, கட்டுப்பாட்டு எண்கள். ஓட்டுநருக்கான இடத்தில் 1 என்று இருந்தால் கண்ணாடியோ லென்ஸோ போட்டுத்தான் ஓட்ட வேண்டும். வண்டிக்கான இடத்தில் 1 என்று இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி மட்டும்தான் ஓட்டலாம். டெலிவரி லாரிகளில் கைக் கியர் இன்னும் நிறைய ஓடுகிறது. ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்து பாஸ் ஆனவர்கள் இந்த ஓர் எண்ணால் பல வேலைகளை இழக்கிறார்கள். உங்கள் அட்டையில் 1 இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே வண்டியின் கியர் எது என்று கேட்டுவிடுங்கள்.

நான்காவதுதான் பெரியது: தொழில்முறை ஓட்டுநர் அனுமதி, நாம் பிடிபி என்று சொல்வது. ஜிவிஎம் 3,500 கிலோவைத் தாண்டும் எந்தச் சரக்கு வண்டிக்கும் இது கட்டாயம். இதில் ஜி என்பது சரக்கு, பி என்பது பயணிகள், டி என்பது அபாயகரமான பொருட்கள். ஜிக்கு 18 வயது, பிக்கு 21, டிக்கு 25 ஆகியிருக்க வேண்டும். விளம்பரம் கேட்கும் எழுத்து உங்கள் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். எரிவாயு சிலிண்டர், சில வகை ரசாயனங்கள் ஏற்றும் கம்பெனி என்றால் டி கேட்கலாம். அதற்குத் தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

லைசென்ஸ் அட்டை 5 வருடம் செல்லும், பிடிபி 24 மாதம்தான். இரண்டும் ஒரே அட்டையில் அச்சாவதால் அட்டையின் தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பிடிபியின் தேதி தனியாகச் சின்னதாக இருக்கும். விளம்பரம் முடியும் நாளுக்கு மூன்று மாதத்துக்குள் அது காலாவதியாகப் போகிறது என்றால் இன்றே புதுப்பிக்கக் கிளம்புங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து நிரந்தரக் குடியிருப்பு வாங்கியவர்கள், அது கிடைத்த ஒரு வருடத்துக்குள் ஊர் லைசென்ஸை இங்குள்ளதாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிடிபி இந்த நாட்டு அட்டையில்தான் அச்சாகி வரும் என்பதால் மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள். விசாவில் இருப்பவர்கள், அந்த விசா இந்தக் கம்பெனியில் இந்த வேலையைச் செய்ய அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

3. பிடிபி இல்லையென்றால், அல்லது முடியப் போகிறதென்றால்

ராஸ்பர்க், பைன்டவுன் போன்ற லைசென்ஸ் டெஸ்டிங் மையத்தில் பிடி1 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அடையாள அட்டை, லைசென்ஸ் அட்டை, முகவரிச் சான்று, போட்டோ, டாக்டர் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். டாக்டர் சான்றுக்கு எம்சி என்ற படிவம் உண்டு. அது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. எனவே முதலில் டாக்டரிடம் போய்விட்டு, மையத்துக்கு நேரம் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்திருந்தால் மறுபடியும் டாக்டருக்குக் காசு கொடுக்க வேண்டி வரும். மையத்துக்குப் போகும் நாளை உறுதி செய்துகொண்டு அதற்கு முந்தைய வாரம் டாக்டரைப் பாருங்கள். தனியார் டாக்டர் சில நூறு ராண்ட் வாங்குவார். பிடிபி கட்டணம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஏறும். மையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடந்த 5 வருடத்துக்குள் குடித்துவிட்டு ஓட்டியதற்கோ பொறுப்பற்று ஓட்டியதற்கோ தண்டனை ஆகியிருந்தால் பிடிபி கிடைக்காது. அப்படியிருந்தால் பணத்தைக் கட்டி அலையாதீர்கள். அந்தக் காலம் முடியும்வரை கோட் 8 வேன் வேலைகளைப் பாருங்கள், அதற்குப் பிடிபி தேவையில்லை.

அட்டை வர எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்கள் கையிலும் இல்லை, மையத்தின் கையிலும் இல்லை. நாடு முழுவதுக்குமான லைசென்ஸ் அட்டைகளை அச்சிடுவது ஒரே ஓர் இயந்திரம். 2025 பிப்ரவரியில் அது பழுதாகி நின்றபோது லட்சக்கணக்கான அட்டைகள் தேங்கின. அதனால் விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வேலை விண்ணப்பத்தில் பழைய அட்டையின் நகல், ரசீதின் நகல் இரண்டையும் சேர்த்து, "பிடிபி புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், தேதி இது" என்று ஒரு வரி எழுதுங்கள். எதுவும் எழுதாமல் காலாவதியான அட்டையை மட்டும் அனுப்பினால் அது ஒதுக்கும் குவியலுக்குத்தான் போகும்.

4. ஷிப்ட் வரலாற்றைத் தாளில் நிரூபியுங்கள்

"இரண்டு வருட கோட் 10 அனுபவம், மல்டி-டிராப், அதிகாலை மற்றும் வார இறுதி ஷிப்ட்" என்று விளம்பரம் கேட்கும். மல்டி-டிராப் என்றால் ஒரே நாளில் பல கடைகளில் நின்று நின்று இறக்கும் வேலை. ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3-இல் நேராகப் போய்வரும் வேலை வேறு, இது வேறு. எதை எத்தனை மாதம் செய்தீர்கள் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

நிரூபிக்க முதல் தாள் சேவைச் சான்றிதழ். அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டு நிற்கும் ஒவ்வொருவருக்கும் இதைக் கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். சேர்ந்த தேதி, நின்ற தேதி, கடைசியாகப் பார்த்த வேலை, கடைசிச் சம்பளம் அதில் இருக்க வேண்டும். ஏன் நின்றீர்கள் என்பதை நீங்கள் கேட்டால் மட்டுமே எழுத வேண்டும். பாராட்டுக் கடிதம் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம், சேவைச் சான்றிதழ் அப்படி அல்ல. "நாங்கள் ரெஃபரன்ஸ் தருவதில்லை" என்று சொன்னால், "ரெஃபரன்ஸ் வேண்டாம், 42-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு வரிக்குப் பிறகு பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சான்றிதழில் "டிரைவர்" என்று மட்டும்தான் இருக்கும். எந்த நேரத்து ஷிப்ட், எந்த வண்டி என்று இருக்காது. அதற்குச் சம்பளச் சீட்டு உதவும். சாதாரண மணிநேரம், ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லாம் தனித்தனி வரியாக வந்திருக்கும். மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட வேலையைச் சட்டம் இரவு வேலை என்கிறது. அதற்கான படி சீட்டில் இருந்தால் அதிகாலை ஷிப்ட் பார்த்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கடைசி மூன்று சீட்டுகளோடு, இரவுப் படி அதிகமாக வந்த ஒரு மாதச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

சீட்டுகள் தொலைந்துவிட்டதா? வேலை நேரப் பதிவுகளை முதலாளி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். உங்களைப் பற்றிய பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்று வருடம் தாண்டிய வேலைக்கு இந்த வழி உதவாது என்பதால், நிற்கும் நாளன்றே வாங்கிவிடுவது நல்லது.

கம்பெனியே மூடிப்போனவர்கள் டர்பனில் நிறைய. 2021 ஜூலைக் கலவரத்தில் எரிந்த கிடங்குகள், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய ப்ராஸ்பெக்டன் பகுதி என்று காரணங்கள் உண்டு. கேட்க ஆள் இல்லாதபோது வருமான வரிச் சான்றான ஐஆர்பி5-ஐத் தேடுங்கள். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அந்த முதலாளியிடம் இருந்தீர்கள் என்று வரும். லேபர் சென்டரில், வேலையில்லாக் கால நிதிக்காக முதலாளி யூஐ-19 படிவத்தில் உங்கள் பெயரை அறிவித்திருக்கிறாரா என்று கேட்கலாம். சாலைச் சரக்குத் துறைக்கான பேரம்பேசும் கவுன்சிலின் கீழ் வந்த கம்பெனி என்றால் அங்கேயும் உங்கள் பெயரில் பதிவு இருக்கும். இவற்றில் இரண்டு கிடைத்தாலே போதும்.

வேலையில்லாமல் இருந்த மாதங்களை மறைக்க வேண்டாம். "2021 ஜூலை, டெப்போ எரிந்தது, ஆட்குறைப்பு" என்று எழுதினால் டர்பனில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. முந்தைய வேலையின் கடைசி மாதத்தை நீட்டி அந்த இடைவெளியை மூடினால் ஐஆர்பி5 காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் மற்ற எல்லா வரியையும் சந்தேகப்படுவார்கள்.

5. பாதுகாப்புப் பதிவை நீங்களே முதலில் பாருங்கள்

"சுத்தமான பதிவு" என்று விளம்பரத்தில் ஒரே வரி. அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: குற்றப் பதிவு, விபத்துகள், முந்தைய கம்பெனியின் டிராக்கர் மதிப்பெண்.

குற்றப் பதிவில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கைகலப்பு, கடையில் தகராறு என்று காவல் நிலையத்துக்குப் போயிருப்பார்கள். "இந்த அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். கைரேகை எடுத்திருந்தால் அது குற்றப் பதிவாக உட்கார்ந்திருக்கக்கூடும். கட்டியவருக்கு அது தெரியவே தெரியாது, வருடங்கள் கழித்து வேலைக்கான சோதனையில்தான் வெளிவரும். உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்திருந்தால், விண்ணப்பிப்பதற்கு வெகுமுன்பே போலீஸ் நற்சான்று எடுத்துப் பார்த்துவிடுங்கள். பக்கத்து காவல் நிலையத்தில் கைரேகை வைத்து, சுமார் 200 ராண்ட் கட்ட வேண்டும். பிரிட்டோரியாவில் உள்ள பதிவு மையத்துக்குப் போய்த் திரும்ப, அவர்கள் கணக்கில் 15 வேலை நாள் ஆகும்; அதற்கு மேலும் ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பழைய சிறு குற்றங்களைத் தண்டனையாகி 10 வருடத்துக்குப் பிறகு நீக்கக் கேட்கலாம். அப்படி எதுவும் நடக்காதவர்கள் இந்தச் செலவைச் செய்ய வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் செலவில் தாங்களே சோதித்துக்கொள்கின்றன.

விபத்துகளுக்கு ஒரு தாளில் நீங்களே பட்டியல் போடுங்கள். தேதி, இடம், எந்த வண்டி, என்ன நடந்தது, யார் தவறு என்று முடிவானது, போலீஸில் கொடுத்த ஏஆர் எண். சாலையில் நடந்த விபத்தில் யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவித்திருக்க வேண்டும். அப்போது கொடுக்கும் எண்தான் இது. நீங்கள் ஓட்டிய லாரியை யாராவது கடத்திக்கொண்டு போயிருந்தால் அதையும் வழக்கு எண்ணோடு எழுதுங்கள், அது உங்கள் மீதான குறை அல்ல. டெப்போ முற்றத்தில் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்தது போன்றவற்றுக்கு போலீஸ் எண் இருக்காது, ஆனால் எச்சரிக்கைக் கடிதம் இருக்கும். அதையும் எழுதுங்கள். முன்னாள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். அவர் சொல்வதும் உங்கள் தாளும் ஒன்றாக இருந்தால் ஓர் இடி பெரிய விஷயமே இல்லை.

டிராக்கர் மதிப்பெண்ணைத்தான் யாரும் கேட்டு வாங்குவதில்லை. லாரி கிளப்பும் முன் டேஷ்போர்டில் ஒரு சின்ன டேக்கைத் தொடுவீர்களே, அதிலிருந்து அடுத்த முறை யாராவது தொடும்வரை வேக மீறல், திடீர் பிரேக், திடீர் வளைவு எல்லாம் உங்கள் பெயரில் ஏறும். போபியா என்ற தனியுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவை நீங்கள் கேட்டுப் பெறலாம். நகலுக்குக் கட்டணம் கேட்டால் எவ்வளவு என்று முன்பே சொல்ல வேண்டும். கடைசி ஆறு மாத ஓட்டுநர் அறிக்கை வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதிகளை, மதிப்பெண்ணை அல்ல. நீங்கள் லீவில் இருந்த நாளில் உங்கள் பெயரில் பயணம் இருக்கிறதா? ஒரே நாளில் 18 மணி நேரம் ஓட்டியதாகக் காட்டுகிறதா? அப்படியென்றால் மாற்று டிரைவர் உங்கள் டேக்கை வைத்து ஓட்டியிருக்கிறார், அவருடைய வேக மீறல் உங்கள் கணக்கில் இருக்கிறது. லீவுத் தாளையோ அந்த மாதச் சம்பளச் சீட்டையோ இணைத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தக் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு.

மது பற்றி ஒன்று. சாதாரண ஓட்டுநருக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02-க்குக் கீழே. இரவு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு அதிகாலை இரண்டரைக்கு டெப்போ வாசலில் ஊதினால் இதில் சிக்குவது சுலபம். முந்தைய கம்பெனியில் ஊதித் தோற்ற பதிவு இருந்தால், கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லத் தயாராக இருங்கள்.

கிடங்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட கோட் 10 உதவாது. அதற்குப் பதிவு பெற்ற பயிற்சி நிலையம் கொடுத்த சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் எந்த வகை இயந்திரம், எத்தனை டன் என்று சொல்லும். சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாங்கிய சான்றை வைத்து, உயர்ந்த ராக்குகளுக்கு நடுவில் ஓடும் ரீச் டிரக்கை ஓட்ட முடியாது. விளம்பரத்தில் "ரீச்" என்று இருக்கிறதா பாருங்கள். சான்று பொதுவாக இரண்டு வருடம் செல்லும், மருத்துவச் சோதனையும் கேட்பார்கள். ஷிப்ட், சேவைச் சான்றிதழ் விஷயங்கள் மேலே சொன்னவைதான்.

6. ஒரு உதாரணம்: எங்கள் தெருத் தம்பியின் தாள்கள்

ஃபீனிக்ஸில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி 2025 நவம்பரில் தன் தாள்களோடு வந்தார். விளம்பரம் கேட்டது: 8 டன் லாரி, கோட் 10, பிடிபி, இரண்டு வருட அனுபவம், அதிகாலை 2.30-க்குத் தொடக்கம், சுத்தமான பதிவு. கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அவர் சிவியில் "நான்கரை வருட கோட் 10 அனுபவம்" என்று இருந்தது. அட்டையில் சி1 முதலில் கிடைத்தது 2021 மார்ச், அதிலிருந்து எண்ணியிருக்கிறார். ஆனால் முதல் வேலையில், 2022 ஆகஸ்ட் வரை, ஒரு பேக்கரிக்கு ஒரு டன் பக்கிதான் ஓட்டினார். அது கோட் 8 வண்டி. 2022 செப்டம்பரிலிருந்து 2024 பிப்ரவரி வரை ஃபர்னிச்சர் கடையின் 8 டன் லாரி, 18 மாதம். பிறகு மூன்று மாதம் வேலையில்லை. 2024 ஜூனிலிருந்து 2025 நவம்பர் வரை பார்சல் கம்பெனியில் 4 டன் லாரி, அதுவும் 18 மாதம். 4 டன் லாரியின் ஜிவிஎம் 3,500-ஐத் தாண்டும், எனவே அதுவும் கோட் 10 வண்டிதான். ஆகக் கணக்கு மூன்று வருடம், அதில் பாதி 8 டன். விளம்பரம் கேட்டது இரண்டுதான். உண்மையான எண்ணே போதுமானதாக இருக்கும்போது ஊதிப் பெரிதாக்கிய எண்ணை எழுதி, சேவைச் சான்றிதழ்களோடு மோதவிட வேண்டிய அவசியமே இல்லை. "கோட் 10 வண்டி 36 மாதம், அதில் 8 டன் 18 மாதம், 4 டன் மல்டி-டிராப் 18 மாதம்" என்று மாற்றி எழுதினோம். மூன்று மாத இடைவெளியையும் அப்படியே போட்டோம்.

அதிகாலை ஷிப்ட்டுக்குச் சான்று எதுவும் இல்லை என்றார். ஃபர்னிச்சர் கடைச் சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால், மாதக் கடைசி நெரிசலில் விடியுமுன் கிளம்பியதற்கு இரவுப் படி வந்திருக்கிறது. அந்தச் சீட்டுகளைச் சேர்த்தோம்.

பிடிபி முடிய ஐந்து வாரம் இருந்தது. அந்த வாரமே புதுப்பிக்கக் கொடுத்து ரசீதை இணைத்தார். 2023-இல் கடை முற்றத்தில் ஒரு கதவை இடித்ததற்கு எழுத்து எச்சரிக்கை இருந்தது. விபத்துத் தாளில் இரண்டு வரியாக எழுதினோம். அட்டையில் ஓட்டுநர் கட்டுப்பாடு 1, அதாவது கண்ணாடி. அவரோ போட்டோவிலும் நேரிலும் கண்ணாடி இல்லாமல் இருந்தார். லென்ஸ் போடுகிறாராம். சரி, ஓட்டிக் காட்டும் நாளன்று அதைக் கேட்பார்கள், சொல்லிவிடுங்கள் என்றேன்.

7. அனுப்புவதும் அதற்குப் பிறகும்

அட்டையின் இரு பக்க நகல், அடையாள அட்டை, சான்றிதழ்கள் ஆகியவற்றைக் காவல் நிலையத்தில் சான்றொப்பம் வாங்குங்கள், காசு இல்லை. பல கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையை ஏற்பதில்லை என்பதால் ஒரேயடியாக நிறைய எடுத்து வைக்க வேண்டாம். தாள்களை விளம்பரம் கேட்ட வரிசையிலேயே அடுக்கி ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். போனில் எடுத்த மங்கலான போட்டோக்களைத் தனித்தனியாக அனுப்பினால் பிடிபி தேதியைப் படிக்க முடியாது, படிக்க முடியாத தேதி இல்லாத தேதிதான்.

பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் முன்பணம், "இடம் பிடித்துவைக்க" என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் வேலை வாங்கித் தரக் கட்டணம் வாங்குவதை வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. உண்மையான டெப்போவில் மருத்துவச் சோதனைக்கும் பின்னணிச் சோதனைக்கும் பொதுவாக அவர்களே செலவழிப்பார்கள்.

அழைப்பு வந்தால் முற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். சாவியைக் கொடுத்ததும் ஏறி உட்காராதீர்கள். டயர், விளக்கு, எண்ணெய், காற்றழுத்த பிரேக், சரக்கு கட்டும் பட்டை எல்லாவற்றையும் சுற்றி வந்து பாருங்கள், லைசென்ஸ் டிஸ்க்கின் தேதியையும் படியுங்கள். அவர்கள் மதிப்பெண் போடத் தொடங்குவது அங்கிருந்துதான். பின்னால் எடுக்கும்போது சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம், அதற்கு யாரும் குறைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன அதே வண்டிதானா, ஜிவிஎம் எவ்வளவு? இரவு ஷிப்ட்டுக்குப் போகவர வண்டி வசதி என்ன? இரவு வேலை கொடுக்கும் முதலாளி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போக்குவரத்து கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. இரண்டரை மணிக்கு ஃபீனிக்ஸிலிருந்து ரிவர்ஹோர்ஸ் வேலிக்கு டாக்ஸி கிடைக்காது. சொந்த வண்டியில் வர வேண்டும் என்றால் பெட்ரோல் செலவைக் கழித்துச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு கையெழுத்திடுங்கள்.